கைப்பேசிப் பையில் உள்ள பணம்



இன்று கைப்பேசியில் உள்ள பணப்பையைப் பற்றிப் பார்ப்போம். இதை 'வாலட்' என்று சொல்கிறார்கள். பூ வாங்கினாலும் மின்கட்டணம் கட்டினாலும் பலர் இதிலிருந்தே கொடுக்கிறார்கள். ஆனால் இந்தப் பையில் பணம் போடுவது எளிது. வெளியே எடுப்பது எல்லோருக்கும் அவ்வளவு எளிது அல்ல. அது ஏன்?

புனே நகரில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஒரு அம்மா. கையில் பணம் இருந்தால் செலவாகிவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் வாரம் 300 ரூபாயைத் தெருமுனை ரீசார்ஜ் கடையில் கொடுப்பார். கடைக்காரத் தம்பி அதை அவருடைய வாலட்டில் ஏற்றிவிடுவார். 26 வாரம் ஆனது. திரையில் 7,800 ரூபாய் என்று காட்டியது. அதைத் தன் வங்கிச் சேமிப்பு என்றே அந்த அம்மா நினைத்திருந்தார்.

மகனுக்குக் கல்லூரியில் 6,500 ரூபாய் கட்ட வேண்டி வந்தது. கல்லூரி வாலட்டில் வாங்காது. வங்கியில்தான் கட்ட வேண்டும். அந்த அம்மா பணத்தை வங்கிக்கு அனுப்பப் பார்த்தார். "முதலில் உங்கள் அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள்" என்று திரையில் வந்தது. பணம் நகரவில்லை.

காரணம் இதுதான். வாலட் வங்கிக் கணக்கு அல்ல. வங்கிச் சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்துக்கு வட்டி உண்டு. வங்கி நொடித்துப்போனாலும், ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. வாலட்டில் உள்ள பணத்துக்கு வட்டி கிடையாது. வட்டி கொடுக்கக் கூடாது என்பதே விதி. வாலட் நிறுவனம் வங்கியாக இல்லாவிட்டால், மக்களின் பணத்தை எல்லாம் சேர்த்து ஒரு வங்கியில் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அந்த அம்மாவின் பெயரில் இருக்காது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரே செயலியில் யூ.பி.ஐ.யும் இருக்கும், வாலட்டும் இருக்கும். வங்கிக் கணக்கைச் சேர்த்து யூ.பி.ஐ. வழியாகக் கொடுத்தால், பணம் வங்கியிலிருந்தே நேராகப் போகும். அங்கே பையில் ஏற்றும் வேலையே இல்லை. முன்கூட்டியே ஏற்றி, 'மீதி இவ்வளவு' என்று காட்டுவதுதான் வாலட்.

வாலட்டில் இரண்டு வகை உண்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளில் இது இருக்கிறது. முதல் வகை சிறிய வாலட். கைப்பேசி எண்ணுக்கு வரும் ரகசிய எண், பெயர், ஏதாவது ஓர் அடையாள அட்டையின் எண் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். ஐந்து நிமிடத்தில் திறந்துவிடும். நிறுவனத்தார் ஆளையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அதனால்தான் இதற்குக் கட்டுப்பாடு அதிகம். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஏற்ற முடியாது. எந்த நேரத்திலும் 10,000க்கு மேல் இருக்கவும் கூடாது. இதிலிருந்து பொருள் வாங்கலாம், கட்டணம் கட்டலாம். ஆனால் வங்கிக்கோ இன்னொருவருக்கோ அனுப்ப முடியாது. ரொக்கமாக எடுக்கவும் முடியாது. ரொக்கம் ஏற்றும் சிறிய வாலட்டை 24 மாதத்துக்குள் அடுத்த வகைக்கு மாற்றவும் வேண்டும். மாற்றாவிட்டால் புதிதாக ஏற்ற முடியாது. உள்ளே இருப்பதைச் செலவு மட்டும் செய்யலாம்.

இரண்டாவது வகை முழுச் சரிபார்ப்பு முடிந்த வாலட். இதில் 2 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். இதிலிருந்து வங்கிக்கு அனுப்பலாம்.

அந்த அம்மாவுடையது முதல் வகை. கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "அக்கா, என் கடையில் பொருள் வாங்கியது போல 7,800ஐ எனக்கு அனுப்புங்கள். நான் 7,300 ரொக்கமாகத் தருகிறேன்" என்றார்.

"500 ரூபாய் எதற்கு, தம்பி?"

"எனக்கும் செலவு இருக்கிறதே, அக்கா."

அந்த அம்மா சம்மதிக்கவில்லை. வாங்காத பொருளுக்கு வாங்கியது போலக் கணக்குக் காட்டுவது விதியை ஏய்ப்பது. 500 ரூபாய் நட்டமும் அவருக்குத்தான்.

வாலட்டை மூடிவிட்டால் என்ன என்று வேலை செய்யும் வீட்டு அக்கா கேட்டார். நல்ல கேள்விதான். சிறிய வாலட்டையும் எப்போது வேண்டுமானாலும் மூடலாம். மூடினால், பணம் எந்தக் கணக்கிலிருந்து ஏறியதோ அங்கேயே திரும்பிப் போகும். ஆனால் இவர் கொடுத்தது ரொக்கம். திரும்பிப் போக அவருடைய கணக்கு எதுவும் இல்லை. அவருடைய வங்கிக் கணக்குக்குப் போக வேண்டுமென்றால் அதற்கும் சரிபார்ப்பு வேண்டும்.

எனவே சரிபார்ப்பை முடிப்பதே வழி என்று தெரிந்தது. இதை வீடியோ அழைப்பிலும் செய்யலாம். நிறுவனத்தின் அலுவலர் முகத்தைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், அட்டையைக் காட்டச் சொல்வார். அல்லது நேரில் போகலாம். அந்த அம்மாவின் ஆதாரில் பழைய கைப்பேசி எண் இருந்தது. அதனால் ஆதார் ரகசிய எண் அவருக்கு வரவே இல்லை. பலருக்கு வேலை நிற்பது இந்த இடத்தில்தான். அவர் நிறுவனத்தின் மையத்துக்கு நேரில் போய், ஆதாரும் பான் அட்டையும் காட்டி, விரல் ரேகை வைத்தார். இரண்டு அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருந்ததால் தொல்லை இல்லை. மறுநாள் சரிபார்ப்பு முடிந்ததாகச் செய்தி வந்தது.

இதற்கு நடுவில் ஒரு போன் வந்தது. "உங்கள் சரிபார்ப்பு முடங்கிவிட்டது. வந்த ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்றது ஓர் ஆண் குரல். அவர் போனை வைத்துவிட்டார். நிறுவனம் அந்த எண்ணைப் போனில் கேட்பதில்லை. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பிறகு அவர் வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். செயலியில் Transfer to Bank என்ற இடத்தைத் தொட்டார். கணக்கு எண்ணை இரண்டு முறை பதிந்தார். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் பதிந்தார். அதில் 11 எழுத்துகளும் எண்களும் இருக்கும். ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். அதை ஆங்கில ஓ என்று பதிந்தால் ஏற்காது.

முதலில் 7,800 முழுவதையும் அனுப்பப் பார்த்தார். போதிய பணம் இல்லை என்று வந்தது. வங்கிக்கு அனுப்பப் பல நிறுவனங்கள் கட்டணம் பிடிக்கின்றன. அவருடைய நிறுவனம் 100க்கு 2 ரூபாய் பிடிப்பதாகத் திரையில் காட்டியது. அப்படியானால் 6,500க்குக் கட்டணம் 130 ரூபாய். இரண்டும் சேர்ந்து 6,630 ரூபாய். அதை அனுப்பியதும் வாலட்டில் 1,170 ரூபாய் நின்றது. சற்று நேரத்தில், 6,500 ரூபாய் வரவு வைக்கப்பட்டதாக வங்கியிலிருந்து செய்தி வந்தது. அனுப்பிய எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டார். பணம் வந்து சேராவிட்டால் நிறுவனத்தில் புகார் செய்ய அந்த எண்தான் தேவை.

மீதி 1,170ஐ அனுப்பி அதற்கும் கட்டணம் கொடுக்க அவருக்கு மனமில்லை. அந்த மாத மின்கட்டணத்துக்கும் கைப்பேசி ரீசார்ஜுக்கும் வைத்துக்கொண்டார். இப்போது வாரம் 300 ரூபாயை அவர் ரீசார்ஜ் கடையில் கொடுப்பதில்லை. சம்பளம் வாங்கும் நாளில், நான்கு வாரத்துக்குச் சேர்த்து 1,200 ரூபாயை வங்கியிலேயே கட்டிவிடுகிறார்.