ஏழு சதவீதத்துக்குக் கீழே

மியூச்சுவல் ஃபண்ட் என்றால் என்ன, சராசரி என்றால் என்ன என்று ஆரம்பிக்கப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குக் காய் வாங்கப் போனால்கூட, யாராவது செல்போனை நீட்டி "சார், அஞ்சு ஸ்டார் ஃபண்ட்" என்கிறார்கள். எனக்கு அந்த ஸ்டாரைக் கண்டாலே எரிச்சல். சேலையூரில் எங்கள் தெருப் பென்ஷன்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது வேறு: "எஃப்.டி.யில ஏழு வருது. இதுல ஒரு வருஷம் அதுக்கும் கீழே போக எவ்வளவு வாய்ப்பு இருக்கு?" இதற்கு ஸ்டார் பதில் சொல்லாது. இசட் ஸ்கோர் சொல்லும்.

நிஃப்டி 50-ஐ எடுத்துக்கொள்வோம். அதைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் ஏறக்குறைய அதே வழியில்தான் போகும். 2000 முதல் 2024 வரை 25 வருஷங்களில், டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால், ஆண்டு வருமானத்தின் சராசரி சுமார் 15 சதவீதம். திட்ட விலக்கம் சுமார் 28. இந்த இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சராசரி 15, விலக்கம் 28.

இலக்கு 7. ஏழிலிருந்து பதினைந்தைக் கழித்தால் மைனஸ் 8. அதை 28-ஆல் வகுத்தால் மைனஸ் 0.29. அதுதான் இசட். நம் இலக்கு சராசரிக்குக் கீழே, கால்பங்கு விலக்கத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அட்டவணையில் 0.29-க்கு எதிரே 0.1141 என்று இருக்கும். பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தக அட்டவணை நடுக்கோட்டிலிருந்துதான் பரப்பைக் காட்டும். ஆகவே அதைப் பாதியிலிருந்து, அதாவது 0.5-லிருந்து கழிக்க வேண்டும். வருவது 0.3859. ஏறக்குறைய 39 சதவீதம்.

இங்கேதான் என் மாணவர்களில் பாதிப் பேர் வழுக்குவார்கள். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டு 61 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். முதலில் மணி வடிவ வளைகோட்டை வரை, இலக்கின் இடப்பக்கத்தைப் பென்சிலால் கறுப்பாக்கு, அப்புறம் அட்டவணையைத் தொடு என்பேன். இலக்கு சராசரிக்குக் கீழே இருந்தால் கறுப்புப் பகுதி பாதியைத் தாண்டாது. திரும்பச் சொல்கிறேன்: பாதியைத் தாண்டவே தாண்டாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த வேலை. வந்த விடையை விரல் விட்டு எண்ணிச் சரிபார்ப்பது. ஏழுக்குக் கீழே போன வருஷங்கள் எவை? 2000, 2001, 2002, 2008, 2011, 2013, 2015, 2016, 2018, 2022. இதில் 2013 மயிரிழையில் தவறியது, 6.8. மொத்தம் பத்து. 25-க்குப் பத்து என்றால் 40 சதவீதம். அட்டவணை சொன்னது 39! எத்தனை தடவை போட்டாலும் எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

ஆனால் இலக்கைத் தள்ளித் தள்ளி வையுங்கள், கதை மாறும். நஷ்டம், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே போக, கணக்கு 30 சதவீதம் என்கிறது. நடந்ததோ ஐந்து வருஷம், 20 சதவீதம். 2008-இல் நிஃப்டி சுமார் 52 சதவீதம் விழுந்தது. அதற்கு இசட் மைனஸ் 2.39. நூறு வருஷத்துக்கு ஒன்றுகூட வராது என்கிறது அட்டவணை. நம் 25 வருஷத்துக்குள் அது வந்துவிட்டது.

கடைசிப் பத்து வருஷத்தை மட்டும், 2015 முதல் 2024 வரை, எடுத்தால் இன்னும் வேடிக்கை. சராசரி சுமார் 11.5, விலக்கம் 10.4. ஏழுக்குக் கீழே போக வாய்ப்பு 33 சதவீதம். முன்பு 39, இப்போது 33, பெரிய சண்டை இல்லை. அதே எண்களில் 2008-ஐப் போடுங்கள்: இசட் மைனஸ் 6-ஐத் தாண்டுகிறது. நூறு கோடி வருஷத்திலும் நடக்காத ஒன்று! பார்த்த காலத்தில் பெரிய சரிவு இல்லையென்றால் விலக்கம் சுருங்கிவிடும், பயமும் சுருங்கிவிடும். ஃபண்ட் ஹவுஸ் தரும் ஃபேக்ட்ஷீட்டில் உள்ள விலக்கம் பெரும்பாலும் கடைசி மூன்று வருஷ மாதக் கணக்கிலிருந்து வருவது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே சராசரிக்குப் பக்கத்து இலக்குக்கு அட்டவணையை நம்புவேன். ஓரத்து இலக்குக்கு நம்ப மாட்டேன். பென்ஷன்காரரிடமும் அதைத்தான் சொன்னேன்: "ஏழுக்குக் கீழே போக, பத்து வருஷத்துக்கு நாலு வருஷம்னு வச்சுக்குங்க சார். பாதி போயிடுமான்னு கேட்டா, அட்டவணையை மூடிட்டு 2008-ஐப் பாருங்க." அவர் கேட்டார்: "அந்த நாலு வருஷம் அடுத்தடுத்து வந்தா?" நல்ல கேள்வி. 2000, 2001, 2002 அப்படித்தான் வந்தன. ஒரு வருஷத்துக்குப் போட்ட இசட்டில் அதற்கு இடமே கிடையாது.