உச்சவரம்பைத் தாழ்த்தாமல் ஏசி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் இஞ்சினியர் இல்லை. வங்கியில் கணக்கு எழுதியவன். ஆனால் நம் பிளாக்கில் டக்ட் ஏசி வேலை நடந்த வீடுகளுக்கு, சங்கத்தின் சார்பில் டேப்போடு போய் வந்திருக்கிறேன். அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஏசியின் காப்பர் பைப்பை மேலே, கீழே எப்படியும் வளைத்துக்கொண்டு போகலாம். தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப் அப்படியல்ல. அது சரிவாகத்தான் போக வேண்டும். உங்கள் சீலிங் எவ்வளவு தாழும் என்பதை முடிவு செய்வது அந்தப் பைப்தான்.

ஹாலில் தரையிலிருந்து ஸ்லாப் வரை ஒன்பதரை அடி என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவர் மேல் பீம் ஓர் அடி இறங்கியிருக்கிறது. பீமின் அடிப்பகுதி எட்டரை அடி உயரத்தில் வரும். பீமைத் துளைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கம்பி அறுபட்டால் அது மேல் வீட்டுக்காரர் பிரச்சினையும்கூட. ஆகவே அதற்குக் கீழே செங்கல் சுவரில்தான் ஓட்டை போட முடியும்.

யூனிட்டை ஹாலின் உள்சுவரில், இருபதடி தள்ளி மாட்டினால், அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சரிவு என்ற கணக்கில் பைப் இரண்டரை அங்குலம் இறங்கும். அந்தப் பைப்பையும் யூனிட்டையும் மறைக்க, ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங்கை எட்டேகால் அடிக்குக் கொண்டுவருகிறார்கள். ஒன்றேகால் அடி போய்விட்டது.

அதே யூனிட்டை யுடிலிட்டியை ஒட்டிய நடைவழியின் மேல் மாட்டுங்கள். அங்கே பலர் வீட்டில் ஏற்கெனவே ஏழடியில் லாஃப்ட் இருக்கிறது. உயரம் குறைந்தாலும் உறுத்தாது. கதவு லிண்டலுக்கும் பீமுக்கும் நடுவே உள்ள செங்கல் சுவரில் எட்டு அங்குல கிரில் வைத்தால் படுக்கையறைக்குக் காற்று போகும். நடைவழி ஹாலில் திறக்கும் முகப்பில் இன்னொரு கிரில். ஹாலின் ஒன்பதரை அடி அப்படியே இருக்கும்.

அவுட்டோர் யூனிட்டும் யுடிலிட்டியிலேயே இருக்கட்டும். முன்பக்கச் சுவரில் பைப் ஓடாது, கட்டடத்தின் முகமும் கெடாது. ஆனால் விசிறி வெளிப்புறம் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் அரை அடியாவது இடைவெளி வேண்டும். யுடிலிட்டியைக் கண்ணாடி போட்டு மூடினால், வெளியே விட்ட சூட்டையே யூனிட் மறுபடி இழுக்கும். குளிர் குறையும், கரண்ட் பில் ஏறும்.

ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன் ஒரு சோதனை. யூனிட்டின் ட்ரேயில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். மறுமுனையில் தடையில்லாமல் வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தாலோ, ட்ரேயில் தேங்கினாலோ பைப் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதே கிளாம்ப் போட்டுத் தூக்கச் சொல்லுங்கள். யூனிட்டுக்கு நேர் கீழே இரண்டடிக்கு இரண்டடி திறப்பும் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஃபில்டர் கழுவவே சீலிங்கை உடைக்க வேண்டிவரும்.

வேலை தொடங்குமுன் ஓட்டை போடும் இடத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, சங்கத்துக்குக் காட்டிவிடுங்கள்.