தண்ணீர் நிறைகிறது, ட்ரம் சுற்றவில்லை

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பதுதான் என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணே, தண்ணி நிறையுது, ஆனா ட்ரம் சுத்த மாட்டேங்குது. போர்டு போச்சுன்னு சொல்றாங்க." போர்டு விலை உயர்ந்த பொருள். அதை மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய சின்னப் பொருள்கள் சில இருக்கின்றன. இன்று அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷினையே எடுத்துக்கொள்வோம். அதன் ட்ரம்மைச் சுழற்றுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. முதல் வகையில் கீழே ஒரு சின்ன மோட்டார், பின்பக்கம் ஒரு பெரிய புல்லி, இரண்டையும் இணைக்கும் ஒரு மெல்லிய பெல்ட். புல்லி பெரிதாக இருப்பதால், ட்ரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். ஸ்பின் ஓடும்போது ட்ரம் நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால், மோட்டார் 10,000 சுற்றைத் தாண்டிவிடும். இந்த வகையில் பெரும்பாலும் இருப்பது யுனிவர்சல் மோட்டார். மிக்ஸியில் இருப்பதும் இதே இனம்.

இரண்டாவது வகையான டைரக்ட் டிரைவில் பெல்ட்டே கிடையாது. ட்ரம்மின் தண்டிலேயே மோட்டார் உட்கார்ந்திருக்கும். நடுவில் அசையாத செம்புச் சுருள்கள், அதுதான் ஸ்டேட்டர். அதை மூடினாற்போலக் காந்தங்கள் பதித்த ஒரு வட்டத் தட்டு, அதுதான் ரோட்டார். ட்ரம் எவ்வளவு வேகமோ மோட்டாரும் அவ்வளவே வேகம். 1991-இல் நியூசிலாந்தின் ஃபிஷர் அண்ட் பேக்கல் நிறுவனம் இப்படி மோட்டார் வைத்த ஒரு மெஷினை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடையில் "இன்வெர்ட்டர்" என்று எழுதியிருந்தால் அது டைரக்ட் டிரைவ் என்று நினைத்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் மோட்டார் வைத்து, பெல்ட்டும் போட்ட மெஷின்கள் நிறைய இருக்கின்றன. பெல்ட் உண்டா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: கார்பன். யுனிவர்சல் மோட்டாரில் சுற்றும் பாகத்துக்கும் மின்சாரம் போக வேண்டும். சுற்றுகிற பொருளுக்கு ஒயரைக் கட்ட முடியுமா? அதற்காக மோட்டாரின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கார்பன் கட்டி இருக்கும். பின்னால் உள்ள ஸ்பிரிங் அதைச் செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டர் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். தேய்வதற்கென்றே செய்த பொருள் அது.

ஒரு ஆசிரியை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மெஷின் பாதித் துவைப்பில் நின்றுவிடும். கதவைத் திறந்து ட்ரம்மைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டால் மறுபடி ஓடும். சில நாள் நன்றாகவே ஓடும். "போர்டு விட்டு விட்டு வேலை செய்யுது" என்று யாரோ சொல்லி, புது போர்டுக்கு விலையும் கேட்டு வைத்திருந்தார்கள்.

கையால் திருப்பினால் ஓடுகிறது என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கார்பன் குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங் அதை முழுதாக அழுத்த முடியாது. கம்யூட்டேட்டர் ஒரு நிலையில் நின்றால் கார்பன் தொடும், இன்னொரு நிலையில் தொடாது. ட்ரம்மைத் திருப்பும்போது பெல்ட் வழியாக மோட்டாரும் திரும்பி, தொடுகிற இடத்துக்கு வந்துவிடுகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்றினேன். பெல்ட்டை எடுத்தேன். மோட்டாரின் இணைப்பைப் பிரித்து, கார்பனுக்குப் போகும் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து, தண்டை மெதுவாகக் கையால் திருப்பினேன். நல்ல மோட்டார் என்றால் சில ஓம்கள் காட்டிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு கணம் காட்டியது, அடுத்த கணம் ஒன்றுமே இல்லை. கார்பனைக் கழற்றிப் பார்த்தால் ஒன்று ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. புதிது மூன்றிலிருந்து நான்கு சென்டிமீட்டர் வரை இருக்கும்.

நேயர்களே, ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். உள்ளே படிந்த கரித்தூளைச் சுத்தம் செய்து, துணி போடாமல் ஒரு தடவை ஓட விட வேண்டும். ஆரம்பத்தில் லேசாகப் பொறி தெரியும், கார்பன் பதிந்த பிறகு அடங்கிவிடும். பொறி அடங்காமல் கருகல் வாடை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கம்யூட்டேட்டரை நகத்தால் வருடிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டினால், புதுக் கார்பனையும் அது சீக்கிரமே தின்றுவிடும். அப்போது மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும். ஆசிரியை வீட்டில் கம்யூட்டேட்டர் வழவழப்பாக இருந்தது. கார்பன் ஜோடியோடு வேலை முடிந்தது, போர்டைத் தொடவே இல்லை.

இதே மோட்டாரில் நேர்மாறான கோளாறும் உண்டு. சுவிட்ச் போட்டதுமே ட்ரம் தறிகெட்ட வேகத்தில் சுற்றினால், வேகத்தை அளக்கும் டேக்கோவையோ, போர்டில் மின்சாரத்தை அளந்து விடும் ட்ரையாக்கையோ சந்தேகிக்க வேண்டும். உடனே மெஷினை நிறுத்திவிடுங்கள்.

டைரக்ட் டிரைவில் கார்பனே கிடையாது. சத்தமும் குறைவு. ஆனால் காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று போர்டுக்குத் தெரிந்தால்தான் எந்தச் சுருளுக்கு மின்சாரம் விடுவது என்று அது முடிவு செய்யும். பெரும்பாலான மெஷின்களில் அதைச் சொல்வது ஹால் சென்சார் என்ற சின்ன உறுப்பு. அது பேசாவிட்டால் ட்ரம் இப்படியும் அப்படியும் துடித்துவிட்டு நின்றுவிடும். சில மெஷின்களில் LE என்று திரையில் வரும்.

அப்படி ஒரு மெஷினைப் பார்த்தேன். ஸ்டேட்டரில் மூன்று முனைகள் இருக்கும். இரண்டிரண்டாக அளந்தால் மூன்று அளவும் ஒன்றுபோல் வர வேண்டும். வந்தது. அப்படியென்றால் சுருள்கள் நலம். பிறகு ஹால் சென்சாரின் இணைப்பைப் பிரித்தேன். பின்கள் பச்சை பூத்திருந்தன. தண்ணீர் எங்கிருந்து வந்தது? தொட்டியின் ஆயில் சீல் கசிந்து, தண்டு வழியாக ஸ்டேட்டர் மேல் இறங்கியிருக்கிறது. சென்சாரை மட்டும் மாற்றியிருந்தால் புதிதும் பச்சை பூத்திருக்கும். சீலையும் பேரிங்கையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் அந்த வேலை முழுமையானது.

வீட்டிலேயே டைரக்ட் டிரைவ் மெஷினைக் கழற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் சற்று நேரம் தேங்கி நிற்கும். ரோட்டாரின் காந்தமும் விரலை நசுக்கும் பலம் கொண்டது.

பேரிங் தேய்மானம் இரண்டு வகைக்கும் பொது. ஸ்பின்னில் உறுமல் கேட்டால், மெஷினை நிறுத்தி, காலியான ட்ரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தொட்டியை விட்டுத் தனியாக ட்ரம் மட்டும் லொடலொடவென்று ஆடினால் பேரிங்தான்.

நேரம் முடிகிறது. யுனிவர்சல் மோட்டார் உள்ள பெல்ட் மெஷின் என்றால் முதலில் கார்பன், டைரக்ட் டிரைவ் என்றால் முதலில் ஹால் சென்சாரும் அதன் இணைப்பும், உறுமினால் பேரிங். அடுத்த முறை யாராவது "போர்டு போச்சு" என்று சொன்னால், "கார்பனை அளந்து பார்த்தீர்களா, சென்சார் பின்னைப் பார்த்தீர்களா?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.