பேட்ச் எண்ணை முதல் வரியில் எழுதினேன்



வாசகர் வட்டத்தில் பேச ‘மறக்க முடியாத கடிதம்’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். எனக்கு வந்த கடிதத்தைச் சொல்லப் போவதில்லை. இதே கெங்கவல்லியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் நான், போலிச் சரக்கை விற்றுவிட்டேன் என்று என் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

2018-இல் கர்நாடகத்துச் சிவமொக்காவில் முதலில் தென்பட்ட படைப்புழு, அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்கும் வந்துவிட்டது. எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதக் குருணையை லிட்டருக்கு 0.4 கிராம் கலந்து அடிப்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அதில்தான் நான் ஏமாந்தேன். ஒரு மொத்த வியாபாரி பாக்கெட்டுக்கு விலை குறைத்துக் கொடுத்தார். பில்லில் பேட்ச் எண் இல்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நாற்பது பாக்கெட் எடுத்தேன்.

கூடமலையிலிருந்து ஒரு தம்பி மக்காச்சோளக் குருத்தை ஒடித்துக்கொண்டு வந்தார். “அண்ணே, அடிச்சு நாலு நாளாச்சு, பாருங்க” என்று பிரித்துக் காட்டினார். ஈர மரத்தூள் மாதிரி எச்சம். அதற்கடியில் புழு உயிரோடு நெளிகிறது. புழு சாகாததை மட்டும் வைத்து மருந்து போலி என்று சொல்லிவிட முடியாது. புழு பெருத்த பிறகு அடித்திருக்கலாம், குருத்துக்குள் மருந்து இறங்காமல் போயிருக்கலாம். அதனால் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். வெளி அட்டையில் ஒரு பேட்ச் எண், உள்ளே இருக்கும் பையில் வேறு எண். ஈரக் கட்டைவிரலால் தேய்த்தால் தேதி அழிகிறது. கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டேன். நல்ல குருணை கரைந்துவிடும். இது சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்தது. முடிவு சொல்ல வேண்டியது ஆய்வகம்தான். ஆனால் விற்பனையை நிறுத்த எனக்கு அது போதும்.

அன்று ராத்திரி முதல் கடிதம் எழுதினேன். ‘தவிர்க்க இயலாத காரணங்களால் ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று ஆரம்பித்தேன். என் மனைவி படித்துவிட்டு, “இதுல எந்த மருந்துன்னே இல்லையே, யாருக்குப் புரியும்?” என்றாள். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது கடிதத்தின் முதல் வரியில் மருந்தின் பெயர், அட்டையிலும் பையிலும் உள்ள இரண்டு பேட்ச் எண்கள், விற்ற முதல் தேதி, கடைசித் தேதி. அடுத்து, ‘இதை அடிக்காதீர்கள். மிச்சத்தை வாய்க்காலிலோ சுவேத நதியிலோ கொட்டாதீர்கள்; உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அப்படியே கொண்டு வாருங்கள், பில் வேண்டாம்.’ அதற்குப் பிறகு, ‘ஏற்கெனவே அடித்தவர்கள் நாளைக் காலையே குருத்தைப் பிரித்துப் பாருங்கள்.’ இந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன். பாக்கெட்டின் விலையை நான் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். போன நாலு நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது. படைப்புழு கடைசி இரண்டு பருவத்தில்தான் பெரும்பகுதியைத் தின்னும். அதற்குள் அது குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே குருத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். பிறகு மருந்து எளிதில் எட்டாது. மன்னிப்புக் கடிதம் ஒரு வாரம் தள்ளிப் போனால் அந்தக் காட்டுக்காரருக்கு அதனால் என்ன பயன்?

‘பில்லைச் சரிபார்க்காமல் வாங்கியது என் தவறு’ என்பது கடைசியில். வக்கீல் ஒருவர் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். 1968-ஆம் ஆண்டு பூச்சிமருந்துச் சட்டத்தின் 30-வது பிரிவு கடைக்காரனுக்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. உரிமம் உள்ளவரிடம் வாங்கியிருக்க வேண்டும். உரிய கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். சரக்கை ஒழுங்காக, வந்தபடியே வைத்திருக்க வேண்டும். மூன்றையும் நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில் நான் தோற்றவன். அந்த வரி அப்படியே இருந்தது.

மொத்த வியாபாரி, “சரக்கைத் திருப்பி அனுப்புங்க, பணம் தர்றேன்” என்றார். அனுப்பியிருந்தால் அது வீரகனூரிலோ தம்மம்பட்டியிலோ இன்னொரு கடைக்குப் போயிருக்கும். கையிலிருந்த பதினேழு பாக்கெட்டையும் தனியே வைத்து வேளாண்மைத் துறை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவித்தேன். அவர் மாதிரியை மூன்று பங்காக்கி முத்திரை வைத்தார். ஒரு பங்கு ஆய்வகத்துக்கு, ஒன்று வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்கு, ஒன்று எனக்கு.

விற்றது இருபத்து மூன்று. கடன் நோட்டில் இருந்த பெயர்களுக்கு நானே வண்டியில் போய்க் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நடுவலூரில் ஒரு அம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என்னோடு பேசாமல் நேராகக் காட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போய் ஒவ்வொரு குருத்தாகப் பிரித்துப் பார்த்தேன்.

ரொக்கத்துக்கு வாங்கிய நாலு பேர் யாரென்று இன்னும் தெரியவில்லை. கடிதத்தின் நகல் இந்த மேசை மேல் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துப் போய், உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பாக்கெட்டின் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.