ஒரு கார்டு போட்ட முடிச்சு

ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவரின் கதை இது. சரக்கு எடுத்த வகையில் கிரெடிட் கார்டில் 80,000 ரூபாய் பாக்கி. கெடு தேதி வந்ததும் இரண்டாவது கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்து முதல் கார்டை அடைப்பார். அடுத்த மாதம் அதையே திருப்பிச் செய்வார். தவணை தவறவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தார்.

ஒருநாள் கல்லூரியில் படிக்கும் மகள் பில்லை வாங்கி வரி வரியாகப் படித்தாள். "அப்பா, பணம் எடுத்ததுக்கு நூத்துக்கு ரெண்டரை ரூபா கட்டணம், 2,000 போகுது. எடுத்த அன்னைக்கே மூன்றரை வட்டி ஓடுது, மாசம் 2,800. ஜி.எஸ்.டி. தனி. அசல் அப்படியே நிக்குது!"

கார்டில் சரக்கு வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள், ரொக்கம் எடுத்தால் கிடையாது. அவர் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

மறுநாளே வங்கியில் நகையை அடகு வைத்தார். ஒரு ரூபாய் வட்டி, மாதம் 800. இரண்டு கார்டையும் அடைத்து, ரத்து செய்ய எழுதிக் கொடுத்தார்.

பாக்கி இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி ரத்து செய்தாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இது 2022 முதல் ரிசர்வ் வங்கியின் விதி.