தலைவர் உரையும் தணிக்கையாளரும்

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் படிப்பது தலைவரின் உரையைத்தான். ஐந்தொகை வரை பொறுமையுடன் செல்பவர் சிலரே. ஆனால் தணிக்கையாளர் கருத்துரைப்பது கணக்குகளைப் பற்றி மட்டுமே. தலைவர் உரைக்கு அவர் உறுதி கூறுவதில்லை. எனினும் அதனை அவர் படித்தே தீரவேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு, திருத்தப்பட்ட 720ஆம் எண் தணிக்கை நெறி இக்கடமையை விதிக்கிறது.

கற்பனையாக ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். "80 கோடியாக இருந்த நீண்டகாலக் கடன் 50 கோடியாகக் குறைந்து, நம் கடன்சுமை பெரிதும் தணிந்தது" என்கிறார் தலைவர். ஐந்தொகையிலும் நீண்டகாலக் கடன் 50 கோடிதான். ஆனால் சில வரிகள் கீழே, குறுகியகாலக் கடன் 20 கோடியிலிருந்து 45 கோடியாக ஏறியிருக்கிறது. ஆகவே மொத்தக் கடன் 100 கோடியிலிருந்து 95 கோடிக்கே இறங்கியது. அதிலும் ஏறத்தாழப் பாதியை ஓராண்டுக்குள் அடைத்தாக வேண்டும்! தலைவர் சொன்ன எண்ணில் பிழையில்லை. ஆயினும் விஷயத்தைச் சரிவர அறியத் தேவையானதை மறைப்பதும் தவறான கூற்றே என்கிறது அந்நெறி. ஆங்கிலச் சொல்லைப் "பொய்" என்று மொழிபெயர்த்துவிட்டால் இந்த நுட்பம் போய்விடும்.

எண்களோடு ஒப்பிடுவது மட்டும் போதாது. தணிக்கையின்போது தாம் அறிந்தவற்றோடும் அவர் ஒப்பிட வேண்டும். "புதிய ஆலை முழுவீச்சில் இயங்குகிறது" என்று தலைவர் எழுதுகிறார். சரக்கிருப்பை எண்ணச் சென்ற நாளில் இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்ததைத் தணிக்கையாளர் கண்டிருக்கிறார் என்போம். உடனே தலைவரைக் குறைகூறுவது முறையன்று. பழுதுபார்ப்புக்காக ஒரு வாரம் நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் திருந்த வேண்டியது தணிக்கையாளரின் எண்ணமே. ஆலை உண்மையிலேயே முடங்கியிருந்தால் உரை தவறு. அதோடு, ஆலையின் மதிப்பைக் கணக்கில் குறைத்திருக்க வேண்டுமோ என்ற பெரிய கேள்வியும் எழும். அப்போது கணக்கே தவறாகலாம். ஆகையால் அவர் முதலில் நிர்வாகத்தைக் கேட்டு, உற்பத்திப் பதிவேட்டையும் மின்கட்டண ரசீதுகளையும் பார்ப்பார்.

உரையே தவறென்று தெளிந்தால், திருத்துமாறு நிர்வாகத்தைக் கேட்பார். மறுத்தால் இயக்குநர் குழுவிடம் எடுத்துச் செல்வார். அங்கும் பலிக்காவிடில், தம் அறிக்கையில் "பிற தகவல்கள்" என்னும் பகுதியில் அத்தவற்றை விவரித்து எழுதுவார். மிகக் கடுமையான நிலையில், சட்டம் இடந்தந்தால், பொறுப்பிலிருந்தே விலகலாம்.

ஒரு சங்கடம் உண்டு. தணிக்கையாளர் கையொப்பமிடும் நாளில் தலைவர் உரை பெரும்பாலும் எழுதப்பட்டே இருப்பதில்லை! அவ்வாறாயின் அதே பகுதியில், உரை இன்னும் தமக்குக் கிடைக்கவில்லை என்று குறிப்பிட்டிருப்பார். பின்னர் கிடைத்ததும் படிப்பார். தவறு கண்டு, அது திருத்தப்படாவிடில், பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தில் எழுந்து அதனைச் சொல்லலாம்.