அந்த வரி என்ன சொல்கிறது?



ஒரு வாய்மொழித் தேர்வில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். சமூகவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வேடு கொடுத்திருந்த ஒரு மாணவி. நான்காம் இயல் முழுக்க அட்டவணைகள். எண்களுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என நட்சத்திரக் குறிகள். புறத்தேர்வாளர் களப்பணியில் பழுத்தவர், ஆனால் புள்ளியியல் படித்தவர் அல்லர். ஓர் அட்டவணையில் விரலை வைத்து, "இந்த வரி என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார். "சிக்னிஃபிகன்ட் சார்" என்றார் மாணவி. "சரிம்மா. எவ்வளவு?" என்றார் அவர். அறை அமைதியாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கணக்கு போட்ட பிறகு அதை எப்படி எழுத வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த எனக்கும் அதில் பங்கு உண்டு. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்திருக்கிறேன்.

தமிழில் தொடர்புப் போக்கு என்கிறோம். வகுப்பில் எல்லோரும் ரிக்ரெஷன் என்றுதான் சொல்கிறார்கள். ஒன்று கூடும்போதோ குறையும்போதோ இன்னொன்று சராசரியாக எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் கணக்கு அது. வானொலியில் அட்டவணையைக் காட்ட முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு நான் வைக்கும் சோதனையும் அதுவே.

உதாரணத்துக்கு இந்தக் கணக்கு பிறந்த இடத்துக்கே போவோம். இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் என்பவர், பெற்றோரின் உயரத்துக்கும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1886-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரிக்ரெஷன் என்ற பெயர் நிலைத்தது அவரால்தான். குடும்பங்களிலிருந்து அவர் திரட்டிய உயரக் கணக்கு இன்றும் வகுப்புகளில் பயன்படுகிறது. வகுப்புகளில் பயன்படும் தொகுப்பில் 197 குடும்பங்கள், 898 பிள்ளைகள். பிள்ளையின் உயரத்தை அப்பாவின் உயரம், அம்மாவின் உயரம், பிள்ளை ஆணா பெண்ணா என்ற மூன்றையும் வைத்துக் கணித்துப் பார்ப்போம். கால்டன் அங்குலத்தில் குறித்தார். நான் சென்டிமீட்டருக்கு மாற்றிச் சொல்கிறேன்.

மென்பொருள் விடையைக் கொட்டிவிடுகிறது. எஸ்பிஎஸ்எஸ் என்றால் B என்று ஒரு பத்தி, Beta என்று ஒரு பத்தி, கடைசியில் Sig. என்று ஒரு பத்தி. நிறைய மாணவர்கள் அந்தத் திரையை அப்படியே படமெடுத்து ஆய்வேட்டில் ஒட்டிவிடுகிறார்கள். மென்பொருளின் பழைய பதிப்புகளில் Sig. பத்தியில் .000 என்று இருக்கும், அதையும் அப்படியே வைத்துவிடுவார்கள். அது பூஜ்யம் அல்ல. மூன்று தசம இடத்துக்குச் சுருக்கியதால் அப்படித் தெரிகிறது. "0.001-ஐவிடக் குறைவு" என்று எழுதுவதுதான் சரி.

இப்போது அப்பாவின் வரியை எடுத்துக்கொள்வோம். கெழு 0.41. இதைப் பெரும்பாலும் எப்படி எழுதுகிறார்கள் தெரியுமா? "தந்தையின் உயரம் பிள்ளையின் உயரத்தின் மீது நேர்மறையான, புள்ளியியல்படி முக்கியமான தாக்கத்தைக் கொண்டுள்ளது." வாசிக்கக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு அளவுகூட இல்லை. அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டு பிள்ளைகள், இருவரும் ஆண் அல்லது இருவரும் பெண், இருவருடைய அம்மாக்களும் ஒரே உயரம். ஒரு பிள்ளையின் அப்பா மற்றவரின் அப்பாவைவிடப் பத்து சென்டிமீட்டர் உயரம் என்றால், அந்தப் பிள்ளை சராசரியாக நான்கு சென்டிமீட்டர் உயரமாக இருப்பார். இந்த மதிப்பீடு சுமார் மூன்றரையிலிருந்து நாலரை சென்டிமீட்டர் வரை இருக்கலாம்." இது வீட்டில் பாட்டிக்கும் புரியும்.

இந்த வாக்கியத்தில் நான் செய்ததைக் கவனியுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 0.41 என்று சொல்லாமல், மனிதர்களிடையே கண்ணால் பார்க்கும் வித்தியாசமான பத்து சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டேன். வருமானம் பற்றிய ஆய்வில் ஒரு ரூபாய் கூடினால் என்ன ஆகும் என்று எழுதினால் 0.00002 என்று ஏதோ வரும். ஐயாயிரம் ரூபாய் கூடினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள், அர்த்தம் தானாக வந்துவிடும். இரண்டாவது, எவை மாறாமல் இருக்கும்போது இந்த அளவு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மூன்றாவது, ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்தவில்லை, அது எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்றும் சொன்னேன். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்பது அதுதான். அட்டவணையில் நட்சத்திரங்களுக்குப் பதில் இந்த இடைவெளிக்கு ஒரு பத்தி ஒதுக்கினால், படிப்பவருக்கு அளவும் தெரியும், அந்த அளவு எவ்வளவு உறுதியானது என்பதும் தெரியும்.

அம்மாவின் வரியில் கெழு 0.32. உடனே "தாயைவிடத் தந்தையின் உயரமே முக்கியம்" என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அப்பாவின் இடைவெளி 0.35 முதல் 0.46 வரை; அம்மாவின் இடைவெளி 0.26 முதல் 0.38 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்பது தனிக் கேள்வி. அதைத் தனியாகச் சோதித்த பிறகே அந்த வாக்கியத்தை எழுத வேண்டும்.

ஆண், பெண் என்ற வரியில் கெழு 13.3 சென்டிமீட்டர். இங்கே பலர் ஒரு விஷயத்தை எழுத மறந்துவிடுகிறார்கள்: யாரோடு ஒப்பிட்டு? அட்டவணையில் "பாலினம்" என்று மட்டும் இருந்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. "மகன், மகளோடு ஒப்பிட" என்று வரியின் பெயரையே மாற்றிவிடுங்கள். மாறிலி என்று ஒரு வரி வரும், அது 39 சென்டிமீட்டர். அப்பா உயரம் பூஜ்யம், அம்மா உயரமும் பூஜ்யம் என்றால் மகளின் உயரம் அது. அப்படி ஒரு குடும்பம் உலகில் கிடையாது. அட்டவணையில் அந்த எண் இருக்கட்டும், அதற்கு விளக்கம் எழுதி ஒரு பத்தியை வீணாக்க வேண்டாம்.

B, Beta என்று இரண்டு பத்தி சொன்னேனே, அங்கேதான் பெரிய குழப்பம். B என்பது சென்டிமீட்டர், ரூபாய், மதிப்பெண் என்று நாம் அளந்த அலகிலேயே இருக்கும். Beta, எல்லாவற்றையும் திட்ட விலக்கத்துக்கு மாற்றியபின் வருவது. அப்பாவுக்கு B 0.41, Beta 0.28. ஒன்றின் தலைப்பின் கீழ் மற்றொன்றைப் போட்டு, அதை வைத்துச் சென்டிமீட்டரில் விளக்கம் எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். விளைவின் அளவு கேட்கிறார்கள் என்று Beta-வை மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. அப்பாவின் உயரத்துக்கு அது பரவாயில்லை: அப்பாக்களிடையே ஒரு திட்ட விலக்கம் என்பது சுமார் ஆறு சென்டிமீட்டர், அதற்குப் பிள்ளையிடம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஆனால் மகன், மகள் என்ற வரிக்கு Beta 0.73 வருகிறதே, அதற்கு என்ன பொருள்? ஆணாக இருப்பதில் ஒரு திட்ட விலக்கம் என்று எதைச் சொல்வது? அந்த இடத்தில் பதின்மூன்று சென்டிமீட்டர் என்பதே மிகத் தெளிவான விளைவின் அளவு. மனப்பான்மை அளவுகோல் போல, அலகுக்கே சொந்த அர்த்தம் இல்லாத இடங்களில் Beta உதவும். மற்ற இடங்களில் சென்டிமீட்டரும் ரூபாயும் நாளும் போதும்.

அடுத்து ஆர் ஸ்கொயர். இந்தக் கணக்கில் 0.64. "பிள்ளைகளின் உயர வேறுபாட்டில் 64 சதவீதத்தை இந்த மாதிரி விளக்குகிறது" என்று எழுதுவார்கள். கேட்பவர் என்ன நினைப்பார்? பெற்றோரின் உயரம் தெரிந்தால் பிள்ளையின் உயரம் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்றுதான் நினைப்பார். ஆணா பெண்ணா என்பதை எடுத்துவிட்டு அப்பா, அம்மா இருவரின் உயரத்தை மட்டும் வைத்துக் கணக்கு போட்டால் ஆர் ஸ்கொயர் 0.11. பதினொரு சதவீதம்! 64-இல் பெரும்பகுதி மகன், மகள் வேறுபாட்டிலிருந்து வந்தது. இந்த இரண்டு கணக்கையும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாக வைத்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னோர் எண்: கணிப்புக்கும் உண்மையான உயரத்துக்கும் உள்ள விலகலின் அளவு, ஐந்தரை சென்டிமீட்டர். அதாவது மூன்றும் தெரிந்த பிறகும், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குக் கணிப்பு மேலும் கீழும் பதினொரு சென்டிமீட்டர் வரை தவறலாம். சராசரியை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் கணக்கு, உங்கள் வீட்டுப் பையன் எவ்வளவு வளர்வான் என்பதைத் துல்லியமாகச் சொல்லாது. இதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும்.

அட்டவணைக்குக் கீழே குறிப்பு என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே எத்தனை பேர், என்ன அலகு, இடைவெளி எத்தனை சதவீதம் என்பதை எழுதுங்கள். நம் உதாரணத்தில் அங்கே இன்னொன்றும் எழுதியாக வேண்டும். 898 பிள்ளைகளும் 197 வீட்டுப் பிள்ளைகள். ஒரு வீட்டு அண்ணன் தங்கைகளுக்கு அதே அப்பா, அதே அம்மா. ஆனால் நான் சொன்ன இடைவெளிகளைக் கணக்கிட்டபோது, ஒவ்வொருவரையும் தொடர்பில்லாத தனி ஆளாகவே மென்பொருள் எடுத்துக்கொண்டது. அதனால் பெற்றோரின் வரிகளில் இடைவெளிகள் இருக்க வேண்டியதைவிடக் குறுகலாக வந்திருக்கலாம். ஒரே பள்ளியின் மாணவர்களையோ ஒரே ஊரின் குடும்பங்களையோ ஆய்வு செய்கிறவர்களுக்கும் இதே நிலைதான். குழுவாரியாகத் திருத்திய திட்டப் பிழையைப் பயன்படுத்தி, அதைக் குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

"தாக்கம்" என்ற சொல்லையும் கவனமாகக் கையாளுங்கள். யாருடைய உயரத்தையும் மாற்றி நாம் சோதித்துப் பார்க்கவில்லை. உயரமான அப்பாவின் வீட்டில் சாப்பாடும் வசதியும் வேறாக இருந்திருக்கலாம். அதனால்தான் "அப்பா உயரம் என்றால் பிள்ளை இவ்வளவு உயரம்" என்று ஒப்பிட்டே சொன்னேன், "அப்பாவின் உயரம் பிள்ளையை உயர்த்துகிறது" என்று சொல்லவில்லை.

இப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முடிவுகள் இயலிலிருந்து ஒரே ஒரு அட்டவணையையும் அதன் கீழே எழுதிய விளக்கத்தையும் எடுங்கள். இன்று இரவு வீட்டில் புள்ளியியல் படிக்காத ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். முடிந்ததும், எது மாறினால் எது எவ்வளவு மாறுகிறது என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால், நாளைக் காலையில் அந்த விளக்கத்தைத் திரும்ப எழுதுங்கள்.